மேலே தமிழ், கீழே இங்கிலீஷ்

நான் தமிழில் எம்.ஏ. படித்தவள். அதை வைத்து ராஜபாளையத்தில் நைட்டி தைக்கும் ஒரு யூனிட்டில், எந்தப் பெட்டியில் எத்தனை எக்ஸ்எல், எத்தனை டபுள் எக்ஸ்எல் என்று ஒன்பது வருடம் மெயில் அடித்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை பஸ், சாயங்காலம் திரும்பிவர இன்னொரு பஸ். படிப்புக்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லை என்று வீட்டில் கேலி செய்வார்கள். சம்பந்தம் இருந்தது. ஒவ்வொரு மெயிலிலும் பாதி தமிழ்.

எங்கள் சரக்கு வெளிநாட்டுக்குத்தான் போகும். மலேசியா, மொரீசியஸ், தென்னாப்பிரிக்கா, கொழும்பு. வாங்குகிறவர்கள் எல்லாம் நம்மாட்கள், கடை வைத்திருக்கும் முதலாளிகள். மொத்தம் பதினொரு பேர். எங்கள் யூனிட் முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். அவர் வைத்த முறைதான் இந்த இரண்டு மொழி மெயில். மேலே இங்கிலீஷில் டிசைன் நம்பர், கலர், பெட்டிக் கணக்கு, கப்பல் தேதி. கீழே அதே விஷயம் தமிழில். தனித்தனியாக இரண்டு மெயில் அனுப்பினால் என்ன என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். "ஒண்ணு கடைப் பிள்ளை கையில போவும், இன்னொண்ணு மொதலாளி கையில போவும். ஒருத்தன் பாத்தத மத்தவன் பாக்க மாட்டான். ரெண்டும் ஒரே தாள்ல இருக்கணும்" என்றார். அது சரிதான் என்று பிறகு எனக்கே பட்டது.

வருடத்தில் மூன்று வாழ்த்து மெயில் மட்டும் தலைகீழாகப் போகும். பொங்கல், ஆடிப்பூரம், தீபாவளி. அன்றைக்குத் தமிழ் மேலே. அதற்கும் மேலே அண்ணாச்சியின் படம். அய்யனார் கோவில் அருவியில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு கும்பிட்ட கையும் சிரிப்புமாக நின்றபோது நான் எடுத்தது. வேறு எந்தப் படத்திலும் அந்த மனுஷன் சிரித்ததில்லை. கேமராவைக் கண்டால் ரேஷன் கடை வரிசையில் நிற்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். அதனால் ஒன்பது வருடமும் அதே படம்தான் போனது. ஆர்டர் கேட்பதெல்லாம் மெயிலில் இல்லை. சீசனுக்கு முன்னால் அவரே ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, குழந்தை குட்டி விசாரித்து, பேச்சோடு பேச்சாக வாங்கிவிடுவார்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் அவர் பைக்கில் வந்துகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ரோட்டில் விழுந்த போன் மேல் பின்னால் வந்த லாரி ஏறி இறங்கிவிட்டது. அவருக்குத் தோலில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே உயிர் போய்விட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது அவருடைய தம்பி பேச்சை எடுத்தார். யூனிட் இருக்கும் இடம் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. "மைனிக்கு இதுல என்ன பழக்கம் இருக்கு? சரி, இந்தத் தீபாவளி சீசன் ஒண்ணு பாப்போம். ஆர்டர் வந்தா அவியளே நடத்தட்டும். வரலன்னா நான் எடுத்துக்கிடுதேன்" என்றார். மைனி என்று அவர் சொன்னது அண்ணாச்சியின் மனைவியை. எங்களுக்கு அக்கா. சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா, "சரி" என்று ஒரு சொல் மட்டும் சொன்னார். இருபது வருடமாக அந்த யூனிட்டில் பட்டன், லேஸ், நூல் என்று சாமான் முழுவதும் அவர் கையில்தான் இருந்தது. எந்தப் பெண் எந்த மிஷினில் நன்றாகத் தைப்பாள் என்பது அண்ணாச்சியைவிட அவருக்குத்தான் தெரியும். பழக்கம் இல்லையாம்!

மறுநாளே அக்கா அலுவலகத்துக்கு வந்துவிட்டார். நெற்றி வெறுமையாக இருந்தது. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் அண்ணாச்சியின் நாற்காலியில் உட்காராமல் என் மேஜைக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏட்டி, பதினோரு பேருக்கும் சேதி சொல்லணும். அவிய நம்பரெல்லாம் ஒன்கிட்ட இருக்கா?"

இல்லை. எல்லாம் நொறுங்கிப்போன போனில் இருந்தது. சிம் அண்ணாச்சி பெயரில் இருந்ததால் மாற்று சிம்முக்கு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் என்று அலைக்கழித்துக்கொண்டிருந்தார்கள். மெயில் முகவரி மட்டும் என்னிடம் இருந்தது. பழைய மெயில்களின் அடியில் சில கடைகளின் லேண்ட்லைன் நம்பரும் இருந்திருக்கும். தேடி எடுத்துக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் கடைப் பிள்ளைகள் யாராவது எடுத்தால் இங்கிலீஷில் பேச வேண்டும். எனக்கு இங்கிலீஷ் எழுத வரும், பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த பயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. "மெயில் போதும்க்கா, பதினோரு பேருக்கும் ஒரே நேரத்துல போயிரும்" என்றேன்.

அப்போது கட்டிங் மாஸ்டரும் உள்ளே வந்தார். தேவதானத்துக்காரர், அண்ணாச்சி யூனிட் ஆரம்பித்த நாளிலிருந்து துணி வெட்டுகிறவர். மெயிலில் என்ன இருக்க வேண்டும் என்று மூன்று பேரும் பேசினோம். அண்ணாச்சி போய்விட்டார், யூனிட்டை அக்கா நடத்துகிறார், தீபாவளி ஆர்டரைப் பத்து நாளைக்குள் உறுதி செய்ய வேண்டும். அதற்குமேல் போனால் பிரிண்டிங்குக்குத் துணி கொடுக்க முடியாது, கப்பலும் தவறிவிடும்.

"எது மேல வரணும்?" என்று அக்கா கேட்டார். "தமிழா, இங்கிலீஷா? நீதான் படிச்சவ, நீயே சொல்லு."

"எப்பவும் போல இங்கிலீஷையே மேல போட்ரும்மா" என்றார் மாஸ்டர். "சரக்கு சமாச்சாரம்னா அவுகளுக்கு அப்படிப் பாத்துத்தான் கண்ணு பழகியிருக்கும்."

எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. பெட்டி இரண்டு நாள் தாமதம் என்றால் நாங்கள் எழுதும் முதல் வரி 'வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ'. நூல் விலை ஏறினாலும் அதே வரி. அண்ணாச்சி செத்ததையும் அதே வரியில் ஆரம்பிப்பதா? எனக்கு வேறு இங்கிலீஷும் தெரியாது.

"இத்தன வருசம் அவியகிட்ட அண்ணாச்சி தமிழ்ல பேசியிருக்காவ. செத்த சேதிய இங்கிலீஷ்ல சொல்லணுமாக்கும் மாஸ்டர்?"

மாஸ்டர் காதில் செருகியிருந்த சாக்பீஸை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் செருகிக்கொண்டார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவ சொல்றது சரிதான். தமிழே மேல இருக்கட்டும்" என்றார்.

அக்காவே பேசுவது போல எழுதினேன். இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மனதுக்குள் வரி வரியாகச் சரி செய்தேன். எழுதும்போது நான் அழுதது உண்மை. நன்றாக வந்திருக்கிறது என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டதும் உண்மை. ஒன்பது வருடம் எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் எழுதிய கைக்கு முதன்முறையாக எழுத ஒரு விஷயம் கிடைத்திருந்தது. அது ஒரு சாவு என்பதுகூட அந்த நேரத்தில் எனக்கு மறந்துபோயிருந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

இங்கிலீஷ் பாதியைப் பத்து நிமிடத்தில் பழைய மெயிலைப் பார்த்து அடித்துக் கீழே சேர்த்தேன். தலைப்பிலும் அப்படியே, முதலில் தமிழ், பிறகு ஒரு கோடு, பிறகு இங்கிலீஷ். மேலே படம் வேண்டும் என்று அக்கா சொன்னார். வேறெந்தப் படம் இருக்கிறது? அருவிப் படத்தையே வைத்தேன். மாலை போட்ட மாதிரி செய்யலாமா என்று கேட்டதற்கு, "வேண்டாம் தாயி, அவியள அப்படி என்னால பாக்க முடியாது" என்றார். திங்கட்கிழமை காலை அனுப்பினேன். அந்த வாரம்தான் எங்கள் ஊரில் ஆடிப்பூரத் தேர்.

யாராவது இதை வெளியிலிருந்து சொல்லிக் கேட்டிருந்தால் எனக்கு உடனே உறைத்திருக்கும். வருடா வருடம் ஆடிப்பூர வாரத்தில், கும்பிட்ட கையோடு சிரிக்கும் அதே படம், கீழே தமிழ். அதே மாதிரி இந்த வருடமும் ஒன்று. அண்ணாச்சி இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பார்.

செவ்வாய்க்கிழமை முதல் பதில் வந்தது. மலேசியாவில் கிள்ளானில் கடை வைத்திருப்பவர், எங்கள் சரக்கில் பாதியை எடுப்பவர். ஓடிப்போய்த் திறந்தேன். ஒரே வரி. 'தேங்க் யூ அண்ணாச்சி. சேம் டு யூ அண்ட் ஃபேமிலி.'

இரண்டாம் முறை படித்தபோதுதான் புரிந்தது. செத்துப்போனவருக்கே நன்றி சொல்லி, உங்களுக்கும் உங்கள் குடும்பத்துக்கும் அப்படியே என்று வந்திருக்கிறது.

என் செல்போனை எடுத்து, நான் அனுப்பிய மெயில் அதில் எப்படித் தெரிகிறது என்று பார்த்தேன். தலைப்பில் தமிழ் மட்டும் தெரிந்தது. கோட்டுக்குப் பிறகு நான் போட்ட இங்கிலீஷ், இடம் போதாமல் மூன்று புள்ளியாகச் சுருங்கிவிட்டது. திறந்தால் திரை முழுக்கப் படம். தள்ளினால் தமிழ், இன்னும் தள்ளினால் இன்னும் தமிழ். இங்கிலீஷ் எழுத்தைப் பார்க்க நாலைந்து தடவை விரலால் தள்ள வேண்டியிருந்தது. வாழ்த்து மடலை யார் அவ்வளவு தூரம் தள்ளிப் பார்ப்பார்கள்?

அன்று மாலைக்குள் இன்னும் இரண்டு வந்தன. மொரீசியஸ்காரர் நன்றி சொல்லிவிட்டுத் தேரை நேரலையில் எத்தனை மணிக்குக் காட்டுவார்கள் என்று கேட்டிருந்தார். பினாங்கிலிருந்து கும்பிடும் கை எமோஜி ஒன்று. அது துக்கத்துக்கா, திருவிழாவுக்கா என்று தெரியாமல் துக்கத்துக்குத்தான் என்று வைத்துக்கொண்டேன். புதன்கிழமை கொழும்புக்காரர் தமிழில் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். முழுவதும் படித்திருக்கிறார், வரிக்கு வரி ஆறுதல் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் எடுப்பது வருடத்துக்கு இரண்டு பெட்டி.

அக்கா வந்தவுடன் கேட்டார். "பதில் வந்துச்சாட்டி?"

கொழும்புக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"மத்தவுக?"

அந்த இடத்தில்தான் நான் தவறினேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே இங்கிலீஷை மேலே போட்டு இன்னொரு மெயில் அனுப்பியிருக்கலாம். எட்டு நாள் கையில் இருந்தது. ஆனால் 'சேம் டு யூ' என்பதை அந்த வெறும் நெற்றியைப் பார்த்து எப்படிச் சொல்வது? அதுமட்டும் இல்லை. தமிழ்தான் மேலே என்று மாஸ்டர் முன்னால் வீம்பாகப் பேசியவள் நான். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"எல்லாரும் வருத்தப்பட்டுத்தான்க்கா எழுதியிருக்காவ. ஆர்டர் பத்திப் பொறவு எழுதுறோம்னு சொல்லியிருக்காவ" என்றேன்.

அக்கா முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் உயிர் வந்தது. தையல் நடக்கும் கூடத்துக்குப் போய், "வேலை இருக்கு, யாரும் வேற எடம் பாக்க வேண்டாம்" என்று பெண்களிடம் சொன்னார். அங்கே முப்பத்திரண்டு பேர் இருந்தார்கள். தளவாய்புரத்தில் வேறு யூனிட்டில் வேலை கிடைத்த நாலு பேர் போகாமல் நின்றுவிட்டார்கள். நான் என் இடத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தானாக எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். யாராவது ஒருவர் சாவகாசமாகக் கீழே வரைக்கும் தள்ளிப் படிப்பார், அவர் மற்றவர்களுக்குச் சொல்வார் என்று ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டேன். தேர் வந்தது. எங்கள் தெரு முழுக்க ஜனம், ஆண்டாளைப் பார்க்கப் பத்து வருடத்தில் முதல்முறையாக நான் வெளியே வரவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் மாஸ்டர் என் மேஜைக்கு வந்து நின்றார். "துணி பிரிண்டிங்குக்குப் போவணும்மா. எந்த டிசைன், எம்புட்டு மீட்டர்னு யாரும் எழுதலயா? இன்னும் செத்த நேரத்துல பிரிண்டிங்காரன் வண்டி வந்துரும்" என்றார். அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். நான் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டேன். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. "இப்பவாவது அனுப்பு" என்று மட்டும் சொன்னார்.

படம் இல்லை, தமிழ் இல்லை. 'வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ' என்று ஆரம்பித்து நாலு வரி. தலைப்பிலேயே அண்ணாச்சி காலமானார் என்பதை இங்கிலீஷில் போட்டேன். அடித்து முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அரை மணி நேரத்தில் அலுவலக போன் அடித்தது. அப்போதுதான் உள்ளே வந்த அக்கா எடுத்தார். எதிர்முனையில் ஒரு ஆள் வாய்விட்டு அழும் சத்தம் எனக்கே கேட்டது. கிள்ளான்காரர். அக்கா என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்பீக்கரை அழுத்தினார்.

"அக்கா, மன்னிச்சிருங்க அக்கா. நான் தமிழ் பேசுவேன், எழுத்துத் தெரியாது. மலாய் ஸ்கூல்ல படிச்சவன். அண்ணாச்சி படத்தைப் பார்த்தேன், சிரிச்சிக்கிட்டு இருந்தாரு. ஆடிப்பூரம்னு நினைச்சி 'சேம் டு யூ'ன்னு அனுப்பிட்டேன். சாவுச் சேதிக்கு அப்படி அனுப்பிட்டேனே அக்கா."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நீங்க அழாதீங்க தம்பி" என்றார் அக்கா. "தெரியாமத்தான அனுப்பினீங்க." பிறகு குரலைச் சரி செய்துகொண்டு, "தீபாவளிக்கு எம்புட்டுப் பெட்டி வேணும்னு சொன்னீங்கன்னா..." என்று ஆரம்பித்தார்.

கிள்ளான்காரர் முடிக்கவிடவில்லை. "அண்ணாச்சி கூப்பிடுவாரு, கூப்பிடுவாருன்னு காத்திருந்தேன் அக்கா. போன் அடிச்சா போகவே இல்ல. இந்த வருசம் நம்மள வேண்டாம்னு விட்டுட்டாரோன்னு நினைச்சேன். முந்தாநாள்தான் வேற இடத்துல கொடுத்தேன். அட்வான்ஸும் போயிருச்சி."

முந்தாநாள். அந்த ஒரு சொல் போதும், நான் உயிரோடு இருக்கும்வரை.

மற்றவர்களும் அடுத்தடுத்து எழுதினார்கள். எல்லோருடைய மெயிலிலும் உண்மையான வருத்தம் இருந்தது. மூன்று பேர் சின்னச் சின்னதாக ஆர்டர் தந்தார்கள், கொழும்புக்காரர் இரண்டு பெட்டியை நாலாக்கினார். அதையெல்லாம் சேர்த்தாலும் முப்பத்திரண்டு மிஷினுக்கு ஒரு வார வேலைகூட இல்லை. ஆவணி பிறந்ததும் அக்காவின் கொழுந்தனார் வந்து, மிஷின்களை எண்ணி, சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பேச்சு மாறாத மனுஷர்தான், சொன்னபடிதான் செய்தார். நாலு பெண்களும் தளவாய்புரத்துக்குத் திரும்பக் கேட்டுப் போனார்கள், அங்கே இடம் நிரம்பியிருந்தது.

அக்கா என்னை ஒரு வார்த்தை ஏசியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். போன் வந்த அன்றைக்குக் கேட்டது ஒரே கேள்விதான். "அந்த சேம் டு யூ எப்ப வந்துச்சு?" "அனுப்பின மறுநாளே வந்துட்டுக்கா." "அத நீ ஒருத்தியே மனசுல வச்சுக்கிட்டு இத்தன நாள் கெடந்தியாக்கும்" என்றார். என் மேல் பரிதாபப்பட்டார். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

சாவி கொடுத்ததற்கு முந்தின நாள், கம்ப்யூட்டரிலிருந்து அண்ணாச்சியின் படங்களை ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கூடத்தில் மிஷின் எதுவும் ஓடவில்லை. அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ எழுதுனியே அந்தத் தமிழு, கொழும்புக்காரரத் தவிர யாருமே படிக்கலல்லா?"

"இல்லக்கா."

"நானும்தான் படிக்கல. அன்னைக்குப் படிச்சா ஒடைஞ்சிருவேன்னு பயந்துட்டேன். இப்பப் படிச்சுக் காட்டு."

திறந்தேன். அவர் குரலாக நான் எழுதியதை அவருக்கே வாசித்தேன். 'இத்தனை வருடம் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்த குரல் இனி உங்கள் போனில் கேட்காது. என் கணவர் எங்களை விட்டுப் போய்விட்டார்.' அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அண்ணாச்சி எப்படி யார் வீட்டுக் கல்யாணத்தையும் மறக்காமல் விசாரிப்பார் என்று எழுதியிருந்த இடத்தில் லேசாகச் சிரித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்க" என்றார். நிறுத்தாமல் வாசித்தேன்.

'அவர் உட்கார்ந்த இடத்தில் இருந்து இந்த யூனிட்டை இனி நான் நடத்துவேன். நீங்கள்...'

அக்கா கையைக் காட்டினார்.

"அது வேண்டாம் தாயி. அத விட்டுட்டு அடுத்தாப்புல உள்ளதப் படி."

விரலால் தள்ளினேன். அந்தப் பத்திக்கு அடுத்தாற்போல் தமிழில் ஒன்றும் இல்லை. கீழே இங்கிலீஷ்தான் இருந்தது.